வாடகைக் கணக்கு மாறும்போது

பெரியப்பா காலமானபின் அவருடைய வங்கிக் கணக்கை மூட வேண்டியிருந்தது. குரோம்பேட்டை வீடு பெரியம்மா பெயரில்தான். வாடகை ஒப்பந்தமும் அப்படியே. ஆனால் மாதம் ₹14,000 வாடகை மட்டும் பெரியப்பா கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. மதுரையில் மகளோடு இருக்கும் பெரியம்மா, குடியிருப்பவருக்கு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்.

"இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மோசடிக்காரன் அனுப்புவதும் அதே வரியைத்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்த யாரும் பெரியம்மாவின் பெயரையும் படத்தையும் வைத்து அதை அனுப்பிவிடலாம். அதனால் செய்தியை மட்டும் நம்பிப் பணம் போட முடியாதபடி அதை எழுத நினைத்தேன்:

"ஆகஸ்ட் 5-க்குள் தரவேண்டிய ஜூலை வாடகை முதல் என் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்புங்கள். ஜூன் வாடகை பழைய கணக்கில் வந்துவிட்டது. புதிய கணக்கு எண் 4471 என்று முடியும். முழு எண்ணும் பாஸ்புக் நகலும் நான் கையெழுத்திட்ட கடிதத்தில் வரும். ஒப்பந்தத்தில் உள்ள என் எண்ணுக்குப் பேசி உறுதி செய்தபிறகே பணம் அனுப்புங்கள். வாடகைத் தொகை, அட்வான்ஸ் எதிலும் மாற்றமில்லை. சரிபார்ப்பதால் தாமதமானால் பரவாயில்லை."

முதல் வரியில் தேதி இல்லாவிட்டால் குழப்பம்தான். வெறுமனே 'ஜூலை வாடகை' என்றால், ஜூலையில் கொடுப்பதா, ஜூலைக்காகக் கொடுப்பதா? ஒரு மாத வாடகை மூடிய கணக்கைத் தேடிப் போய்விடும். கடைசி வரியைப் பெரியம்மா முதலில் ஒப்பவில்லை. அவசரப்படுத்துவது ஏமாற்றுகிறவனின் வழக்கம். வீட்டுக்காரரே அவகாசம் கொடுத்துவிட்டால் அந்த அவசரம் வேறெங்கிருந்து வந்தாலும் சந்தேகம் வரும் என்றேன். அழைக்க வேண்டிய எண்ணை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. செய்தி போலியென்றால் அதிலுள்ள எண்ணும் போலியாகத்தான் இருக்கும்.

குடியிருப்பவர் விவரமானவர். கடிதம் கிடைத்ததும் பழைய எண்ணில் பெரியம்மாவிடம் பேசி, கணக்கு எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தொகையைச் சொல்லாமல் ₹17 அனுப்பி, "எவ்வளவு வந்திருக்கும்மா?" என்றார். வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பெரியம்மா சரியாகச் சொன்னார். போலி எண்ணில் கேட்டிருந்தால் மோசடிக்காரனும் சரியாகவே சொல்லியிருப்பான். பேசியது ஒப்பந்த எண்ணில் என்பதால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

திரையில் வரும் பெயரையும் குடியிருப்பவர் பார்த்தார். நெஃப்டில் கணக்கு எண்ணை வைத்தே பணம் போய்ச் சேரும்; நாம் எழுதும் பெயர் கணக்கோடு பொருந்த வேண்டும் என்பதில்லை. கணக்குக்குரியவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. அதில் வந்த பெயரும் ஒப்பந்தத்தில் இருந்த பெயரும் ஒன்றாக இருந்தன.

எங்காவது பொருந்தாமல் போய், பணமும் போய்விட்டிருந்தால், உடனே 1930-க்கும் தன் வங்கிக்கும் சொல்ல வேண்டும். அடுத்தவர் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்கி வைக்க வழியுண்டு.