பதினொன்றரை மணிப் படபடப்பு

மயிலாப்பூரில் வசிக்கும் அந்தப் பெண்ணுக்கு வயது 38. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை. சில மாதங்களாகக் காலை பதினொன்றரை மணி வாக்கில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கை நடுங்கும், மூச்சு முட்டும், 'ஏதோ ஆகப்போகிறது' என்று பயம் கவ்வும். ஈ.சி.ஜி., தைராய்டு பரிசோதனை இரண்டும் நார்மல். கடைசியில் அடையாறில் ஒரு மருத்துவர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை காபிம்மா?"

விரல் விட்டு எண்ணினார். ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் முதல் டிகாக்‌ஷன் காபி. எட்டரைக்கு, பதினொன்றுக்கு, நாலுக்கு, ஏழுக்கு ஒவ்வொன்று. மொத்தம் ஐந்து.

மூளைக்கு 'களைப்பாக இருக்கிறது, ஓய்வெடு' என்று சொல்லும் பொருள் அடினோசின். காபியிலுள்ள கஃபைன் அதை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது, அட்ரினலினையும் ஏற்றுகிறது. பலருக்கு அது சுறுசுறுப்பு. பதற்றம் உள்ளவர்களோ அந்தத் துடிப்பையே ஆபத்து என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பயம் துடிப்பை இன்னும் கூட்டுகிறது. பேனிக் பாதிப்பு உள்ளவர்களுக்குச் 400 மில்லிகிராமோ அதற்கு மேலோ கஃபைனை ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அட்டாக் வந்திருக்கிறது.

குடித்த கஃபைனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். அவருக்கு முதல் இரண்டு காபி உடம்பில் மிச்சமிருக்கும்போதே மூன்றாவதும் சேர்ந்தது. பதினொன்றரை மணிக் கணக்கு அதுதான்.

மறுநாளே காபியை அடியோடு நிறுத்தினார். மாலைக்குள் மண்டையைப் பிளக்கும் தலைவலி. போட்டுக்கொண்ட மாத்திரையின் அட்டையைப் பார்த்தால், அதிலும் கஃபைன்! மூன்றாம் நாள் பழைய ஐந்துக்கே திரும்பிவிட்டார்.

"படிப்படியா குறைங்கம்மா" என்றார் மருத்துவர். முதல் வாரம், தூக்கத்தைக் கெடுக்கும் ஏழு மணிக் காபிக்குப் பதில் சூடான பால். இரண்டாம் வாரம் நாலு மணிக் காபி அரை டம்ளர். மூன்றாம் வாரம் அதற்குப் பதில் மோர். நான்காம் வாரம் 80:20 காபித்தூளுக்குப் பதில் 60:40 வாங்கினார். சிக்கரியில் கஃபைன் கிடையாது. ஃபில்டரில் கூடுதலாக ஒரு ஸ்பூன் தூள் போடாதவரை இது பலிக்கும். ஐந்தாம் வாரம் பதினொன்று மணிக் காபி பாதி, ஆறாம் வாரம் அதுவும் இல்லை. ஆபீஸில் நீட்டிய டீயையும் மறுத்தார். அதிலும் கஃபைன் உண்டு. தலைவலி எட்டிப்பார்த்த வாரத்தில் அடுத்த படிக்குப் போகாமல் அதே அளவிலேயே நின்றார்.

இப்போது காலையில் இரண்டு காபி மட்டும். முதல் காபியும் இட்லி சாப்பிட்ட பிறகுதான். பதினொன்றரை மணிப் படபடப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் மட்டும் எப்போதாவது வருகிறது. அது காபியால் வந்ததல்ல என்பதால், அதற்குத் தனியாகக் கவுன்சலிங் போகிறார்.

காபியைக் குறைத்தும் படபடப்பு நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் காபியைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.