வராதவருக்கு எழுதும் மடல்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, என் ஹிஃப்ளு வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையைச் சந்திப்பதாக இருந்தது. அச்சிறுவன் புதிய பாடத்தைத் தடையின்றி ஒப்புவிப்பான். ஆனால் மனனம் செய்து முடித்த ஜுஸ்வுகள் அவன் நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருந்தன. வீட்டில் யாரேனும் நாள்தோறும் பழைய பாடத்தைக் கேட்டாலன்றி அது நிற்காது. ஆகவே, “அஸருக்குப் பின் மதரஸாவுக்கு வாருங்கள் பாய்” என்று தொலைபேசியில் அழைத்திருந்தேன். அவரும் “இன்ஷா அல்லாஹ்” என்றார்.

நான்கு மணிக்கு ஜமாஅத் முடிந்தது. நாலே முக்கால் வரை அமர்ந்திருந்தேன். அவரைக் காணவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வீடு திரும்பினேன்.

இரவு வாட்ஸ்அப்பில் இவ்வாறு எழுதினேன்: “பாய், இன்று உங்களுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. மறந்துவிட்டீர்களா? பிள்ளையின் ஓதல் உங்களுக்கு முக்கியம் இல்லையா?”

அதை அனுப்பும் முன், மறுநாள் பாடத்துக்காக ஸூரத்துந் நம்லைப் புரட்டினேன். ஸுலைமான் நபி (அலை) பறவைகளைப் பார்வையிடும்போது ஹுத்ஹுத் அங்கே இல்லை. அவர்கள் முதலில் கேட்டது, ஹுத்ஹுத் எங்கே தொலைந்தது என்பதன்று. அதைக் காணாதிருக்கத் தமக்கு என்ன நேர்ந்தது என்பதே. கேள்வி முதலில் தம் பக்கமே திரும்புகிறது. அது வராதவற்றுள் ஒன்றோ என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

என் மடலை மீண்டும் வாசித்தேன். எத்தனை நேரம் காத்திருந்தேன் என்று கூறியது, அவர் பெயரில் கடன் எழுதுவதுபோல் இருந்தது. ‘நீங்கள் வரவில்லை’ என்பது அவர் அறிந்ததே. அதில் செய்தி இல்லை, குற்றச்சாட்டு மட்டுமே இருந்தது. ‘மறந்துவிட்டீர்களா’ என்று கேட்டு, அவருக்கான காரணத்தை நானே கற்பித்திருந்தேன். கடைசி வரியோ ஒரு தந்தையின் பாசத்துக்கே தீர்ப்பு எழுதியது. இந்நான்கையும் நீக்கிப் பார்த்தேன். மடலில் எதுவுமே எஞ்சவில்லை. சந்திப்பு எதற்காகவோ, அந்தச் செய்தி அதில் இடம்பெறவேயில்லை.

அழித்துவிட்டு, மறுநாள் காலையில் அவருடைய எண்ணுக்கு மட்டும் இதை அனுப்பினேன்:

“அஸ்ஸலாமு அலைக்கும் பாய். தாங்கள் நலமா? நேற்று நாம் சந்திக்க இயலாமற் போயிற்று. நான் நேரத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மகன் புதிய பாடம் நன்றாக ஓதுகிறான். பழைய பாடத்தை வீட்டில் கேட்பது பற்றிப் பேச வேண்டும். கால் மணி நேரம் போதும். திங்கள் அல்லது புதன் மாலை 5.30க்கு வர இயலுமா? இயலாவிட்டால் தொலைபேசியிலும் பேசலாம்.”

‘சந்திக்க இயலாமற் போயிற்று’ என்னும்போது, நடந்தது மறைக்கப்படவில்லை. ஆயினும் பழி யார்மீதும் விழவில்லை. காரணம் கேட்கப்படவில்லை; சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். பேச வேண்டியது இன்னதென்று கூறியதால், மகன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்ற அச்சமும் அவருக்கு எழாது. நேரத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றதும் உபசாரச் சொல் அன்று. எண்ணிப் பார்த்தபோது, மணியை நான் குறிப்பிடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தவறு நம்மிடம் இல்லாதபோது, இருப்பதாக எழுதுவதும் பொய்யே.

பதில் சற்று நேரத்தில் வந்தது: “வஅலைக்குமுஸ் ஸலாம் ஹஜ்ரத். நான் வந்தேனே! ஐந்து மணிக்கு எங்கள் பள்ளியில் தொழுதுவிட்டு வந்தேன், கதவு பூட்டியிருந்தது. தங்களுக்கு ஏதோ அவசர வேலை போலும் என்று எண்ணித் திரும்பிவிட்டேன்.”

எங்கள் பள்ளி ஷாஃபிஈ. அவர் தொழுவது ஹனஃபீ பள்ளியில். ஒரு பொருளின் நிழல், உச்சிவேளை நிழல் நீங்கலாக, அதன் அளவை எட்டியதும் எங்களுக்கு அஸர் நேரம் தொடங்கும். அவர்களுக்கு அது இருமடங்காக வேண்டும். இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம். இதை மாணவர்களுக்குக் கற்பிக்கும் நானே மறந்திருந்தேன். பூட்டிய கதவைக் கண்டும் அவர் என்னைப் பற்றி நல்லதையே எண்ணினார். நானோ வந்தவருக்கு ‘வரவில்லை’ என்று எழுத இருந்தேன்.

எல்லாத் தவறுதல்களும் இப்படி முடிவதில்லை. ஒருவர் இரண்டு, மூன்று முறை சொல்லாமலே வராதிருந்தால், மடல் மேல் மடல் எழுதுவதில் பயன் இல்லை. அழைத்துப் பேசி, எந்த நேரம் அவருக்கு இயலும் என்று நேராகக் கேட்பதே முறை. ஸுலைமான் நபியும் பின்னர்க் கண்டிப்பாகவே பேசினார்கள். ஆயினும் தக்க காரணம் கொண்டுவர இடம் விட்டார்கள். ஹுத்ஹுத் ஸபஉ நாட்டின் செய்தியோடு வந்தது.

புதன்கிழமை சந்தித்தோம். மஃரிபுக்குப் பின் நாள்தோறும் அரை ஜுஸ்வு கேட்பதாக அவர் ஏற்றுக்கொண்டார். இப்போதெல்லாம் வக்தோடு மணியையும் சேர்த்தே சொல்கிறேன்.

அல்லாஹ் நம் எண்ணங்களையும் சொற்களையும் சீராக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.