விடை பதினொன்று அல்ல

தரம் 9இல் படிக்கும் என் மகள் தவணைப் பரீட்சை வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். வசனக் கணக்கு ஒன்றுக்கு முழுப் புள்ளி கிடைக்கவில்லை. "கவனமில்லாமல் செய்தால் இப்படித்தான்" என்று ஏசிவிட்டேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, நான் விடையைச் சரிபார்த்தும் பார்த்தேன்" என்றாள். இரவு சமையல் முடிந்தபின் அந்தக் கணக்கை நானே எடுத்துப் பார்த்தேன்.

தாயின் வயது மகளின் வயதின் மூன்று மடங்கிலும் 4 கூட. இருவரின் வயதின் கூட்டுத்தொகை 48. ஐந்து வருடங்களின் பின் தாயின் வயது என்ன? இதுதான் கேள்வி.

மகளின் வயதை x என எடுத்திருந்தாள். தாயின் வயது 3x + 4. ஆகவே x + 3x + 4 = 48. 4x = 44. x = 11. இதன் கீழ் இரட்டைக் கோடு போட்டு முடித்துவிட்டாள். 11ஐச் சமன்பாட்டில் இட்டால் 11 + 37 = 48. சரியாகத்தான் வருகிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளை பொய் சொல்லவில்லை. சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பது x சரியா என்பதை மட்டுமே சொல்லும். கேட்டதற்கு விடை எழுதினோமா என்பதைச் சொல்லாது. கேட்டது 3x + 4 + 5. அதாவது 37 + 5 = 42.

"அப்படியென்றால் தாயின் வயதையே x என்று எடுத்திருக்கலாமே?" என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தோம். மகளின் வயது (x - 4)/3 என்று பின்னமாக வந்தது. x = 37 என்று கிடைத்தாலும், பிறகு 5ஐக் கூட்டத்தான் வேண்டியிருந்தது. சமன்பாடு இலகுவாக வருவதற்காகவே சிறியதை x என்கிறோம். அதனால்தான் x ஒன்றாகவும் கேள்வி வேறாகவும் இருந்துவிடுகிறது.

இப்போது அவள் கணக்கைத் தொடங்கும்போதே இரண்டு வரி எழுதுகிறாள். முதல் வரி, "மகளின் இப்போதைய வயது x வருடங்கள்." இரண்டாவது வரி, "ஐந்து வருடங்களின் பின் தாயின் வயது = 3x + 4 + 5 = ......" புள்ளியிட்ட இடம் வெறுமையாக இருக்கும்வரை கணக்கு முடியவில்லை என்று அவளுக்கே தெரிகிறது. கடைசியில் விடையைச் சமன்பாட்டோடு மட்டுமன்றிக் கேள்வியின் கடைசி வசனத்தோடும் வாசித்துப் பார்க்கிறாள். "தாய்க்கு 11 வயது" என்று வாசித்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

ஆனால் எல்லாக் கணக்கிலும் பிழை இப்படிச் சிரிப்பு மூட்டாது. பேனையின் விலையைக் கேட்ட இடத்தில் பென்சிலின் விலையை எழுதினால், அதுவும் நம்பத்தகுந்த விலையாகவே இருக்கும். அங்கே அந்த இரண்டாவது வரிதான் காப்பாற்றும்.

ஏசியதற்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். "அடுத்த முறை முதலில் கணக்கைப் பாருங்கள், அம்மா" என்றாள்.