மறுபார்வைக்கு ஒரு நாள்

டப்ளினில் முதுகலை படிக்க விண்ணப்பித்த ஆண்டில் நான் ஹடப்சரில் தங்கி, மகர்பட்டா சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 6.5 கேட்டது, நான்கு பிரிவுகளில் எதுவும் 6-க்குக் கீழே போகக் கூடாது. தமிழ்வழியில் படித்து வந்த எனக்கு அந்த எண் பெரிய பயமாக இருந்தது. பயம் தெளிந்தது வாரந்தோறும் மறுபார்வைக்கென்று நான் ஒதுக்கிய நாளில்தான்.

திட்டத்தை எட்டு வாரத்துக்குப் போட்டேன். முதல் வாரம் முழுத் தேர்வு ஒன்றை ஒரே அமர்வில் எழுதி, எங்கே நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டேன். அடுத்த ஐந்து வாரங்கள் சனிக்கிழமை காலை ஒரே ஒரு பிரிவுக்கு மட்டும் மாக் டெஸ்ட். ஞாயிறு அதன் மறுபார்வை; அன்று புதிய வினாத்தாளைத் தொடுவதில்லை. வார நாள்களில் ஷிப்ட் முடிந்து வந்தபின் சிறு பயிற்சி மட்டும். கடைசி இரண்டு வாரம் மறுபடியும் முழுத் தேர்வுகள், உண்மைத் தேர்வு நடக்கும் அதே காலை நேரத்தில். தினமும் ஒரு மாக் எழுதச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் கேம்பிரிட்ஜ் வெளியிடும் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் நான்கு முழுத் தேர்வுகள்தான் இருக்கும். விடை தெரிந்துவிட்ட தாள் மறுமுறை நம் அளவைச் சரியாகக் காட்டாது. ஆகவே தாள்களைச் சிக்கனமாகத்தான் செலவழிக்க வேண்டும்.

ஞாயிறன்று விடைப்பக்கத்தை உடனே புரட்டக் கூடாது. முதலில் சந்தேகமான கேள்விகளை எல்லாம் கடிகாரம் இல்லாமல், வேறு நிறப் பேனாவில் மறுபடி போட வேண்டும். அதன்பின் இரண்டையும் திருத்தினால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். ஒரு வாசிப்புத் தாளில் எனக்கு 60 நிமிடக் கணக்கில் 40-க்கு 24. நேரக் கட்டுப்பாடு இல்லாமல் 31. அந்த ஏழும் வேகம் போதாமல் போனவை. பத்தியை மேலோட்டமாகப் பார்த்து, விடை இருக்கும் இடத்தைச் சீக்கிரம் பிடிக்கப் பழகினால் அவை திரும்ப வரும். நேரம் இருந்தும் தவறிய ஒன்பதுக்கு அந்த வைத்தியம் உதவாது. அவற்றைத் தனியே எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவை ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ வகை.

அந்த வகை எங்கே கவிழ்க்கிறது என்று பார்க்க நானே ஒரு பத்தி எழுதிக்கொண்டேன். ‘கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் கால்வாய் ஹடப்சரைக் கடந்து இந்தாப்பூர்ப் பக்கம் போகிறது, வழியில் வயல்களுக்கு நீர் தருகிறது.’ இப்போது ஒரு கூற்று: ‘கால்வாய் ஹடப்சரோடு முடிகிறது.’ பத்தி இதை மறுக்கிறது, எனவே ஃபால்ஸ். இன்னொன்று: ‘ஹடப்சர் விவசாயிகள் இந்தக் கால்வாயை மட்டுமே நம்பியிருந்தார்கள்.’ அவர்களுக்குக் கிணறு இருந்ததா இல்லையா என்று பத்தி பேசவே இல்லை, எனவே நாட் கிவன். ஊரைத் தெரிந்தவர்தான் இங்கே தடுக்கி விழுவார். தனக்குத் தெரிந்ததைப் பத்தி சொன்னதாக எடுத்துக்கொள்வார். ‘மட்டும்’, ‘எல்லாம்’, ‘முதன்முதலாக’ போன்ற சொற்களுக்கு அடியில் கோடு போட்டு, பத்தியில் அதற்குச் சான்று தேடும் பழக்கம் வந்தபின் அந்தத் தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

எழுத்துப் பிரிவை நாமே திருத்திக்கொள்வது கடினம். ஆனாலும் ஒருநாள் ஆறப்போட்டு உரக்கப் படித்தால் நிறையக் காதில் விழும். 60 நிமிடத்தில் இரண்டு வேலை: முதலாவது 150 சொல், இரண்டாவது கட்டுரை 250 சொல். கட்டுரைக்கு இருமடங்கு எடை என்பதால் அதற்கு 40 நிமிடம் வைத்தேன். கேள்வியில் இரண்டு பகுதி இருந்தால் இரண்டுக்கும் விடை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வட்டமிட்டு, அதன் முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ வேண்டுமா என்று கேட்டுக்கொள்வேன். தமிழில் யோசிக்கிறவர்களுக்கு அதிகம் விடுபடுவது அதுதான்.

மொத்த மதிப்பெண் நான்கு பிரிவுகளின் சராசரி. அது அருகிலுள்ள அரைப்புள்ளிக்குப் போகும். கேட்டல் 7, வாசிப்பு 6.5, எழுத்து 6, பேச்சு 6 என்றால் சராசரி 6.375, சான்றிதழில் 6.5 என்று வரும். இந்தக் கணக்கு தெரிந்தபின், எழுத்தில் 6-ஐக் காப்பாற்றிக்கொண்டு, ஏற முடிந்த கேட்டலுக்கும் வாசிப்புக்கும் மீதி வாரங்களைக் கொடுத்தேன்.

தேர்வுத் தேதியை விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, மறுமுறை எழுதவும் இடம் விட்டுப் பதிவு செய்வது நல்லது. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் தேவை. அது கையில் இல்லையென்றால் எட்டு வாரக் கணக்கே அதற்குப் பிறகுதான் தொடங்கும். கணினியில் எழுதுபவர்கள் குறைந்துபோன ஒரு பிரிவை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதும் வசதி உண்டு. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அந்த மதிப்பெண்ணை ஏற்பதில்லை. அதை நம்பித் திட்டம் போடுவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.