கீழுதட்டில் ஆறாத ஒரு திட்டு

விழிஞ்ஞத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கடலுக்குச் சென்றுவரும் ஒரு மீனவர், ஆடிய கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளத் திருவனந்தபுரத்துப் பல் மருத்துவர் ஒருவரிடம் சென்றார். மருத்துவரின் பார்வை பல்லுக்கு முன்பாகக் கீழுதட்டில் நின்றது. கையுறை அணிந்த விரலால் அதை மெல்லத் தடவினார்.

"சேட்டா, இது எவ்வளவு நாளாக இருக்கிறது?"

"ஒரு வருடம் இருக்கும் டாக்டர். உப்புக்காற்றில் வெடித்தது. எண்ணெய் தடவினால் போகும், பிறகு வரும்."

'போகும், பிறகு வரும்' என்னும் அந்தச் சொற்களே நோயை உணர்த்தின. காற்றினால் வெடித்த உதடு இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடும். இங்கோ செதில் உதிர்ந்த இடத்திலேயே மீண்டும் செதில் படிந்தது. வெளிறிய அத்திட்டு கண்ணுக்குத் தெரிந்ததைவிட விரலுக்கு நன்கு தெரிந்தது. உப்புத்தாளைப் போலச் சொரசொரத்தது. உதட்டின் சிவப்பும் தோலும் சந்திக்கும் கோடு அவ்விடத்தில் மங்கியிருந்தது. இதற்கு ஆக்டினிக் கீலைட்டிஸ் என்று பெயர்.

கீழுதடு மேல்நோக்கிச் சற்றே பிதுங்கியிருப்பதால் வெயிலை நேராக ஏற்கிறது. தோலோடு ஒப்பிட்டால் அதன் மேலடுக்கு மெல்லியது. காக்கும் மெலனின் நிறமியும் அதில் குறைவு. கடலில் செல்வோர்க்கு நீர்ப்பரப்பிலிருந்து தெறிக்கும் புற ஊதாக் கதிரும் சேர்கிறது. பல ஆண்டுகளாகச் செல்களின் மரபுப்பொருளில் சேரும் சிதைவே இத்திட்டாக வெளிப்படுகிறது. கருநிறத்தோரிடம் இது அரிது. அதனாலேயே எளிதில் கவனம் தப்புகிறது. பீடிப் பழக்கம் இருந்தால் ஆபத்து மேலும் கூடும்.

திட்டின் தோற்றத்தை மட்டும் வைத்து அதன் ஆழத்தில் நடப்பதை அறிய முடியாது என்பதே சிக்கல். ஒரே மாதிரித் தெரியும் இரு திட்டுகளில் ஒன்றில் இலேசான செல்மாற்றமும், மற்றொன்றில் தொடங்கிவிட்ட புற்றும் இருக்கக்கூடும். எனவே தடித்த, சிவந்த அல்லது புண்ணான பகுதியிலிருந்து சிறு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உதட்டில் தோன்றும் செதிட்செல் புற்று, பிற இடத்துத் தோலில் தோன்றுவதைவிடக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்கு எளிதில் பரவும்.

கண்ணால் பார்த்தே வாய்ப்புற்றைக் கண்டறியும் முறைக்கு வலுவான சான்றளித்ததும் இம்மாவட்டமே. 1996இல் இங்கு 13 ஊராட்சிகளில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005இல் அறிவிக்கப்பட்டது. அது வெயில்பட்ட உதட்டுக்கென நடந்த ஆய்வன்று. ஆயினும் நல்ல வெளிச்சமும் பார்க்கும் கண்ணும் போதும் என்பது உதட்டுக்கும் பொருந்தும்.

மீனவரின் திசுவில் நடுத்தரச் செல்மாற்றம் இருந்தது, புற்று இல்லை. உதட்டின் சிவந்த மேற்பரப்பை நீக்கி, உட்பக்கச் சவ்வை இழுத்துத் தைத்தனர். இப்போது அகன்ற விளிம்புத் தொப்பியுடனும் வெயில்காப்புக் களிம்புடனும் கடலுக்குச் செல்கிறார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை உதட்டைக் காட்டி வருகிறார். வலித்திருந்தால் முன்பே வந்திருப்பேன் என்கிறார். அது வலிக்கவே இல்லை.