கதவும் காவலாளியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எனக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் மருத்துவமனைப் படுக்கை. கைப்பேசியோ விடுதி அறையில் உயிரற்றுக் கிடந்தது. இதில் பிறர்க்கு என்ன இடர் என்பீர்கள். பெங்களூருக்கு வரும் நம் மாணவர்கள் வாடகை அறை தேடும் டெலிகிராம் குழுவுக்கு யானே ஒரே நிர்வாகி! என் இசைவின்றிப் புதியவர் எவரும் உள்ளே வர இயலாது.

அந்நாட்களில் பதினொருவர் வெளியே காத்துக் கிடந்தனர். அவர்களுள் நாகர்கோவில் தம்பி ஒருவன், மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தருகே விடுதியில் நாள்வாடகை கொடுத்துக்கொண்டிருந்தான். யசுவந்தபுரத்தில் அறை காலி என்ற செய்தி குழுவுக்குள்ளேயே இருந்தது. "நாலு நாளாத் தட்டுனேன் அண்ணே, திறக்க ஆளில்ல" என்றான். சினமின்றிச் சொன்னான், அதுதான் சுட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாவியைப் பிறரிடம் தர எனக்கு அச்சம் இருந்தது. சிறிது செருக்கும் இருந்தது. எவரேனும் குழுவையே கலைத்துவிட்டால்? ஆனால் டெலிகிராமில் சாவி ஒன்றல்ல. ஒருவரை நிர்வாகியாக்கும்போது உரிமைகள் தனித்தனிப் பொத்தான்களாக வரும். ஆள் சேர்ப்பது ஒன்று, நீக்குவது ஒன்று, பிறர் செய்தியை அழிப்பது ஒன்று. மூவருக்குச் சேர்க்கும் உரிமை மட்டும் தந்தேன். ஒருவருக்கு நீக்கும் உரிமையும் புதிய நிர்வாகியை அமர்த்தும் உரிமையும் தந்தேன். அவரும் தம்மிடம் இல்லாத உரிமையைப் பிறர்க்கு வழங்க முடியாது. யார் என்ன செய்தார் என்ற பதிவேடும் உண்டு. நாற்பத்தெட்டு மணி நேரம்தான் நிற்கும் என்பதால் அடிக்கடி பார்க்கவேண்டும்.

விக்கிப்பீடியாவில் இதைவிடக் கண்டிப்பு. பயனர்களின் இணைய முகவரியைக் காணும் உரிமை, ஒரு மொழியின் விக்கியில் குறைந்தது இருவரிடம் இருக்கவேண்டும். இல்லையேல் எவரிடமும் இருத்தலாகாது. ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்கவே இந்த ஏற்பாடு.

ஏற்பாடு செய்ததோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை கைப்பேசியை அணைத்துவிட்டு, நண்பன் ஒருவனை அவன் தம்பியின் எண்ணிலிருந்து இசைவு கேட்கச் செய்தேன். மாலைவரை கதவு திறக்கவில்லை! மூவரும் சோதனைக்கூடத்தில். இரவுப்பணி இல்லாத நாலாமவனைச் சேர்த்தபின் இருபது நிமிடத்தில் திறந்தது.

ஒரு முடிச்சு மட்டும் எஞ்சியது. குழுவின் உரிமையாளர் இன்னும் யான்தான். அதை மாற்றித்தர இரண்டடுக்குக் கடவுச்சொல்லை ஏழு நாளேனும் முன்பே அமைத்திருக்கவேண்டும். ஊருக்குப் புறப்படும் நாளில் அவசரமாகச் செய்ய இயலாது. சென்ற வாரம் அமைத்துவிட்டேன்.

நேற்று நள்ளிரவில் திருநெல்வேலிப் பெண்ணொருத்தி கதவைத் தட்டியிருக்கிறாள். யான் உறங்கிவிட்டேன். திறந்தவன் அந்த நாகர்கோவில் தம்பி; அவன்தான் அந்த நாலாமவன்.