பாஸ்வேர்ட் மாறவில்லை, ஆனால் நாம் போடாத போஸ்ட் வந்திருக்கிறது



ஊர்ப் பக்கங்களை நடத்தும் சகோதர சகோதரிகள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஜனாஸா அறிவித்தல், பழைய மாணவர் சங்கச் செய்தி, பள்ளிவாசல் அறிவித்தல் எல்லாம் இன்று பேஸ்புக் பக்கத்தில்தான் போகிறது. அந்தப் பெயரில் வேறொருவன் ஒரு வரி எழுதினாலும் ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவைத் தொடர்ந்து கலவரம் மூண்டு ஊரடங்கு வரை போனதை நாம் மறக்கவில்லை.

நம்மில் பலர் நினைப்பது, கணக்கு பறிபோவதென்றால் பாஸ்வேர்ட் களவு போவது என்று. இன்னொரு வாசலும் இருக்கிறது. 2017 மார்ச் 15ஆம் திகதி அம்னெஸ்டி இன்டர்நெஷனல், ஃபோர்ப்ஸ் சஞ்சிகை உட்பட ஏராளமான ட்விட்டர் கணக்குகளில் ஒரே நாளில் ஸ்வஸ்திகா சின்னத்துடன் துருக்கி மொழியில் போஸ்ட்கள் வந்தன. அவர்களுடைய பாஸ்வேர்டுகளை யாரும் எடுக்கவில்லை. எத்தனை பேர் நம்மைப் பின்தொடர்கிறார்கள் என்று கணக்குக் காட்டும் "ட்விட்டர் கவுண்டர்" என்ற அப் ஒன்றை அவர்கள் எப்போதோ இணைத்திருந்தார்கள். அந்த அப்புக்குப் போஸ்ட் போடும் அனுமதியும் இருந்தது. களவு நடந்தது அந்த அப் வழியாக. ட்விட்டர் அந்த அப்பின் அனுமதியை நிறுத்திய பிறகுதான் அது அடங்கியது.

இதே நிலை நம் பக்கத்துக்கும் வரலாம். நான்கு அட்மின்கள் உள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தொழுகை நேரம் தானாகப் போஸ்ட் ஆகட்டும் என்று அவர்களில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அப்பை இணைத்தார். பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, ஆங்கிலத்தில் ஒரு முதலீட்டு விளம்பரம் பக்கத்தில் வருகிறது.

உடனே டிலீட் செய்யக் கூடாது. முதலில் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். போஸ்டின் கீழே அட்மின்களுக்கு மட்டும் "Published by" என்று ஒரு பெயர் காட்டினால் அதுவும் படத்தில் வரட்டும். டிலீட் செய்தால் அந்தத் தடயமும் போய்விடும். படம் எடுத்த கையோடு போஸ்டை நீக்கிவிடலாம்.

அடுத்து, எந்த வாசல் என்று பாருங்கள். நான்கு பேரும் தத்தம் கணக்கில் "Password and security" என்ற இடத்துக்குப் போய் "Where you're logged in" பட்டியலைத் திறக்க வேண்டும். தெரியாத போனோ ஊரோ அங்கே இருந்தால் அந்த அட்மினுடைய கணக்குக்குள் ஆள் புகுந்திருக்கலாம். அதை லொக்அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். நான்கு பட்டியலும் சுத்தம், புதிய லொகின் பற்றி யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை, ஆனாலும் போஸ்ட் வந்திருக்கிறது என்றால் அப் வாசலைச் சந்தேகியுங்கள்.

அதைப் பூட்டும் இடம் Settings உள்ளே "Apps and websites", "Business integrations" என்ற இரண்டு பக்கங்கள். பக்கங்களில் போஸ்ட் போடும் அப்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, நம் பக்கத்தில் எழுத அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பாவிக்காததை "Remove" செய்யுங்கள். அப்பை இணைத்தவருடைய கணக்கில்தான் அது தெரியும். அதனால் ஓர் அட்மின் மட்டும் தன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. மற்றவர் கொடுத்த அனுமதி அப்படியே கிடக்கும்.

கடைசியாக இரண்டு இடம். Meta Business Suite உள்ளே "Planner" பகுதியில் நாம் போடாத போஸ்ட் ஏதும் நாளைக்கோ அடுத்த கிழமைக்கோ நேரம் குறித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாசலைப் பூட்டிய பிறகும் சிலவேளை அது வெளியே வரும். பிறகு "Page access" பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள்.

தொழுகை நேர அப் உண்மையாகவே தேவையென்றால் வைத்திருக்கலாம். ஓர் அட்மின் மட்டும் இணைக்கட்டும், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கட்டும், யார் இணைத்தது என்று மற்றவர்களுக்குத் தெரியட்டும். அப்பை நீக்கினாலும் அது ஏற்கெனவே எடுத்த தகவல் அந்தக் கம்பனியிடம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் பாடசாலைப் பக்கத்தில் ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் இந்தப் பட்டியல்களைப் பார்க்கிறோம். எல்லா அட்மின்களும் சேர்ந்து உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. உங்கள் பக்கத்தின் அட்மின் குறூப்பில் இன்றே கேளுங்கள்: "நம் பக்கத்தில் எந்த அப்பை யார் இணைத்தது?"